எரிபொருள்: இல்லை

முனிரத்தினத்தின் கைகளை முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்சம் பின்வாங்குவார்கள். அப்புறம் தாங்களே வெட்கப்பட்டுக்கொண்டு, "இன்னா ஆச்சுபா கைக்கு?" என்று கேட்பார்கள். ஆனது ஒன்றும் புதிதில்லை. காசிநாதன் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை. விடிந்ததும் பெரிய செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். அதில் சோப்பையும் சோடா உப்பையும் கரைத்து, கச்சாப் பட்டு நூலை முக்கிப் புரட்டி, அதன் மேலே இருக்கிற பசையைப் போக்க வேண்டும். பசை போனால்தான் பட்டு மினுமினுக்கும், சாயமும் பிடிக்கும். முக்குவது, புரட்டுவது, பிழிவது எல்லாம் கையால்தான். நாற்பத்தோராவது வயதில் முனிரத்தினத்தின் உள்ளங்கைத் தோல் பாளம் பாளமாக வெடித்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே சோடாத் தண்ணில கை வெச்சீங்கன்னா விரல் மடங்காது, சொல்லிட்டேன்" என்றார்.

சொல்லிவிடுவது டாக்டருக்குச் சுலபம். வீட்டில் பெண்டாட்டி ஜெயம்மாள், இரண்டு பெண் பிள்ளைகள். ஜெயம்மாள் தறிக்காரர்களுக்கு இழை சுற்றிக் கொடுத்துச் சம்பாதிப்பது கறிகாய்க்குச் சரி. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு, அதுவும் கையில் துணி சுற்றியவனுக்கு, காஞ்சிபுரத்தில் யார் வேலை தருவார்கள்? நான்கு மாதம் அலைந்தான். இரண்டு கடைக்காரர்கள் வேலை இல்லை என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அவன் கையைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில்தான் சுயதொழில் பயிற்சி என்று ஒரு நோட்டீஸ் வந்தது. காளான் வளர்ப்பு, முப்பது நாள், பன்னிரண்டு பேர். பயிற்சிக்கு நடுவிலேயே ஒவ்வொருவரும் ஒரு திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். கமிட்டி அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். தேறினவனுக்கு பாங்கிக் கடனில் கொட்டகை. சோடா கிடையாது, சாயம் கிடையாது. வைக்கோலும் பையும்தான். முனிரத்தினம் அந்த நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினான்.

"காளானா? அத்த எவன் துன்னுவான் இந்த ஊர்ல?" என்றாள் ஜெயம்மாள்.

"இந்த ஊர்ல இல்லமே. மெட்ராஸ் ஓட்டலுக்கு. காலைல மொத பஸ்ல போட்டா எட்டு மணிக்கெல்லாம் அங்க இருக்கும்."

பயிற்சி கொடுக்க வந்தவர் அழகியமணவாளன். சின்னக் காஞ்சிபுரத்துப் பிள்ளை, வேளாண்மைப் படிப்பு, இருபத்தாறு வயது. வெங்காயம் வாசனை வந்தாலே எழுந்து போகிற வீட்டில் பிறந்தவருக்குச் சர்க்கார் காளானைக் கட்டிவிட்டது, என்ன செய்வார் பாவம்! கோயமுத்தூரில் பதினைந்து நாள் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கற்றதை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். வைக்கோலை இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் ஊறப்போட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். வைக்கோலில் இருக்கிற மற்றப் பூசணமெல்லாம் அதில் சாகும். வடியவிட்டு, நிழலில் பரப்பி, கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் கை ஈரமாக வேண்டும். அந்தப் பதத்தில் பாலிதீன் பைக்குள் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தில் சுற்றிலும் காளான் வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. வித்து என்றால் விதையில்லை. வெந்த சோளத்தில் வெள்ளையாகக் காளான் இழை படர்ந்த பாட்டில். வாயில் பஞ்சு அடைத்துக் கோயமுத்தூரிலிருந்து ரயிலில் வரும். பையைக் கட்டி ஓட்டைகள் போட்டு இருட்டில் தொங்கவிட்டால் பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகும். அப்போது பையைக் கிழித்துத் தண்ணீர் தெளித்து வந்தால் நாலைந்து நாளில் சிப்பி சிப்பியாகக் காளான் வெளியே வரும்.

முனிரத்தினம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினான். எழுத்துக்கு எழுத்து கை வலித்தது, ஆனாலும் எழுதினான். பன்னிரண்டு பேரில் அவனைவிட அக்கறையாகக் கேட்டவன் கிடையாது என்று மற்றவர்களே சொல்வார்கள்.

ஆறாம் நாள் அழகியமணவாளன் கரும்பலகையில் திட்ட அறிக்கையின் வரைவை எழுதிப் போட்டார். விண்ணப்பதாரர் விவரம். கொட்டகையும் இடமும். மூலப்பொருள். வித்து கிடைக்குமிடம். உற்பத்தி முறை. கருவிகள். எரிபொருள். விற்பனை. செலவு, வரவு, நிகர வருமானம். "தலைப்பு நான் குடுத்துட்டேன், உள்ளே நீங்கதான் எழுதணும். நூறு பைக்கு எழுதுங்கோ. நிகர வருமானம் தவணை கட்டற அளவுக்கு வரணும், இல்லேன்னா பாங்கியில தூக்கிப் போட்டுடுவா" என்றார்.

அங்கேதான் எல்லாருக்கும் முட்டிக்கொண்டது. கூட்டிக் கழித்தால் வருமானம் குறைந்தது. காரணம் விறகு. தினம் அண்டா அண்டாவாகத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சவுக்கு விறகு வாங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? ஐயம்பேட்டையிலிருந்து வந்த பரசுராமன் பென்சிலைத் தூக்கிப் போட்டான். அவன் வீட்டில் நாலு காணி நெல்வயல், வைக்கோல் போர் போராகக் கிடக்கிறது. "வைக்கோல் சும்மாதான் சார், வேகவெக்கறதுதான் உயிர வாங்குது" என்றான்.

மூன்று நாள் யோசித்தான் முனிரத்தினம். நான்காம் நாள் காலை காசிநாதன் பட்டறை வழியாக வந்துகொண்டிருந்தவன், அங்கே ஒரு ஆள் கொப்பரைத் தண்ணீரைக் கவிழ்ப்பதைப் பார்த்தான். பட்டைக் கொதிக்க வைத்து எடுத்த தண்ணீர், ஆவி பறக்கச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அவனே கவிழ்த்த தண்ணீர்தான் அது. அட, கண் எங்கே போயிருந்தது இத்தனை நாள்! வெந்நீர் வேண்டும் என்கிறார்கள். ஊரில் பத்துப் பட்டறை வெந்நீரைச் சாக்கடையில் விடுகிறது. அதுவும் வெறும் வெந்நீரா? சோப்பும் சோடாவும் போட்டது. பட்டையே வெளுக்கிற தண்ணீர் வைக்கோலை வெளுக்காதா?

சாயப்பட்டறைக்காரனுக்குத்தான் இந்த யோசனை வரும். வேறு யாருக்கும் வந்திருக்காது. வராமலே இருந்திருக்கலாம்.

காசிநாதனிடம் போய்க் கேட்டான். "எடுத்துக்கினு போயேன்யா, எனுக்கு இன்னா நஷ்டம்?" என்றார் அவர். முனிரத்தினம் உட்கார்ந்து அறிக்கையை எழுதினான். எரிபொருள் என்கிற தலைப்புக்கு நேரே, "இல்லை. பட்டுப் பசை நீக்கும் பட்டறைகளில் மீதமாகும் கொதிநீர் இலவசமாகக் கிடைக்கும்" என்று எழுதினான். நிகர வருமானம் ஜம்மென்று மேலே ஏறி உட்கார்ந்தது.

அழகியமணவாளன் அதை இரண்டு தடவை படித்தார். "சோப்பு இருக்குமே, பரவால்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சுத்தந்தானே சார் அது."

அவருக்கும் அது சரியாகப் பட்டது. பட்டது என்ன, குதூகலமே வந்துவிட்டது. உள்ளூர் வளத்தைப் பயன்படுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துகொண்டே இருந்தது. இதோ ஒருவன் பயன்படுத்திவிட்டான். அன்று சாயங்காலமே முனிரத்தினத்தின் அறிக்கையை ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் போட்டு, பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் இருக்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றப் பதினொரு பேருக்கும் கொடுத்தார். மாதிரி அறிக்கை. நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு அறிக்கையும் மும்மூன்று பிரதியாகப் பாங்கிக்குப் போயிற்று.

அன்றைக்கு வீட்டில் முனிரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பதினோரு பேரும் நான் எழுதுனத்த எழுதினு போறானுங்கமே" என்றான். ஜெயம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான்கு மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்கிறாள்.

அறிக்கை போன பிறகுதான் வித்து வந்தது. ஆளுக்கு ஒரு பாட்டில், இரண்டு பைக்குப் போதும். வீட்டில் வளர்த்துப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். இதுதான் சர்க்கார் வேலை. செய்து பார்த்து எழுதுவதல்ல, எழுதிவிட்டுச் செய்து பார்ப்பது. முனிரத்தினம் இரண்டு டின்னில் பட்டறைத் தண்ணீரை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைக்கோலில் ஊற்றி மூடி வைத்தான். கையில் துணி சுற்றியிருந்ததால் பதம் பார்க்க ஜெயம்மாள்தான் பிழிந்தாள். "வழவழன்னு இருக்குதேபா" என்றாள். "சோப்பு அப்டித்தான் இருக்கும்" என்றான். இரண்டு பையிலும் அந்த வைக்கோலையே அவளை நிரப்பச் சொன்னான். ஒன்றுக்கு மட்டும் வெறும் வெந்நீர் போட்டிருந்தால்! பின்னால் அவன் எத்தனை தடவை அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை.

மற்றவர்கள் அவ்வளவு தூரம் பட்டறைக்குப் போகச் சோம்பல்பட்டு, இரண்டு பைதானே என்று வீட்டு அடுப்பிலேயே வேகவைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் முனிரத்தினத்தின் பையில் ஒரு வாடை. ஏழாம் நாள் பச்சையாகப் பூசணம். ஒன்பதாம் நாள் பைக்குள் மெல்லிசுக் காம்போடு கறுத்த குடைக் காளான்கள் எழும்பி, அன்றைக்கே மையாகக் கரைந்து ஒழுகின. வீடு முழுக்க மூத்திர நாற்றம். பெண்கள் இரண்டும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஓடின. முனிரத்தினம் மட்டும் பையின் எதிரே குந்திக்கொண்டிருந்தான். அந்த நாற்றம் அவனுக்குத் தெரியும். பட்டறையில் பசைத் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் வருகிற நாற்றம். பட்டின் பசை என்பது பூச்சியின் உடம்பிலிருந்து வந்த சத்து அல்லவா? அது வைக்கோலில் ஊறி, கண்ட கழுதைப் பூசணத்துக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்தத் தண்ணீரில் நின்றவனுக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அழகியமணவாளனிடம் போய் நின்றான். "சார், அந்தத் தண்ணி ஆவாது. எல்லார் ரிப்போட்லயும் அத்த அடிச்சிடுங்க சார்."

அவர் முகம் வெளுத்தது. "எல்லாம் பாங்கிக்குப் போயாச்சே, முனிரத்தினம். மாதிரின்னு நானே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கும் அனுப்பியிருக்கேன்." மேஜைமேல் கிடந்த கோப்பை மூடி வைத்தார். "இன்னொரு தடவை செஞ்சு பாருங்கோ. ஒரு பை பட்டறைத் தண்ணியில, ஒரு பை சாதாத் தண்ணியில. அப்பத்தான் அதனாலதான்னு சொல்ல முடியும்."

"வித்து?"

"வித்து... அடுத்த பாட்ச்சுக்குத்தான் வரும்."

கமிட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பையை மறுபடி நிரப்பினாலும் வெள்ளை படரப் பதினைந்து நாளாவது வேண்டும். 

மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்தான். அதுதான் பெரிய கொடுமையாகப் போயிற்று. அவர்கள் பைகளில் எல்லாம் இழை வெள்ளை வெளேரென்று படரத் தொடங்கியிருந்தது. பரசுராமன் அவனைத் தனியாக அழைத்துப் போய், இரக்கத்தோடுதான் சொன்னான்: "அண்ணா, தப்பா நெனைக்காத. தண்ணியால இல்ல. உன் கைப் புண்ணு இருக்குது பாரு, அதுல இருந்துதான் பூசணம் பட்டுட்டு இருக்குது. களிம்பு வேற தடவிக்கினு இருக்கற."

"நான் தொடவே இல்லடா! ஜெயம்மாதான் ரொப்புனா!"

"வித்த நீதானே ஒதறுன?"

வித்தை அவன்தான் உதறினான். துணி சுற்றிய கையால்.  இரண்டு நாளில் பதினொரு பேருக்கும் அதே பேச்சாகிவிட்டது. பாவம், கை சரியில்லாதவன். முனிரத்தினத்துக்கே சில நேரம் சந்தேகம் வரும். களிம்பு மணக்கிற உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொள்வான்.

"நீ பாட்டுக்கு வாய மூடினு இருந்தா இன்னா? கடன் வரட்டும். அப்பால வெறகுல காச்சிக்கலாம்" என்றாள் ஜெயம்மாள். அவள் சொன்னதில் தப்பு என்று யார் சொல்ல முடியும்? அழகியமணவாளனும் ஏறக்குறைய அதையே வேறு வார்த்தையில் சொன்னார். ஆனால் பரசுராமனும் இன்னும் இரண்டு பேரும், கொட்டகை போட்டதும் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பட்டறைத் தண்ணீர் எடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். தான் எழுதிய ஒரு வரியால் மூன்று குடும்பம் நூறு நூறு பையை அழுக விட்டுக் கடனில் நிற்கும். தன்னுடைய அறிக்கையை மட்டும் வேறாக எழுதிப் பாங்கியில் மாற்றிக் கொடுத்தால் கமிட்டியாவது ஏன் என்று கேட்கும், கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தான். எரிபொருளுக்கு நேரே "சவுக்கு விறகு" என்று எழுதினான். விலையைப் போட்டான். நிகர வருமானம் தவணைக்குக் கீழே போயிற்று. விற்பனை விலையைக் கொஞ்சம் ஏற்றி எழுதினால் சரியாகிவிடும். பேனாவை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தான். ஏற்றவில்லை.

கமிட்டி நாளன்று அழுகிய பையில் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். வாசலில் இருந்த பியூன் மூக்கைப் பிடித்தான். "யோவ், உள்ள ஆபீசருங்க இருக்காங்க. வெளிய வெய்யி அத்த."

"இதான்யா அத்தாட்சி."

"இன்னாவோ இருக்கட்டும். வெளிய வெய்யி."

வெளியே வைத்தான். உள்ளே பாங்கி மேனேஜர் காகிதத்தைப் புரட்டினார். "பதினோரு பேர் எரிபொருள் இல்லைன்னு எழுதியிருக்காங்க. நீங்க சாயப்பட்டறையிலேயே வேலை செஞ்சவர். உங்களுக்கு மட்டும் தண்ணி கிடைக்காதா?"

"கெடைக்கும் சார். அந்தத் தண்ணி ஊத்துனா பை அழுவிடுது சார்."

"மத்தவங்க பை அழுகலையே. பார்த்தேனே, நல்லா வெள்ளையா இருக்கு."

"அவுங்க வீட்டுத் தண்ணில வேகவெச்சாங்க சார்..."

மேனேஜரின் கண் அவன் கைக்குப் போயிற்று. சுற்றியிருந்த துணிக்குப் போயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகியமணவாளனிடம் திரும்பி, "மாதிரி அறிக்கை தயார் பண்ணது யார்?" என்றார்.

அழகியமணவாளன் முனிரத்தினத்தைக் காட்டினார். "இவர்தான் சார்."

"அட! உங்க ரிப்போர்ட்டை உங்களாலேயே பின்பற்ற முடியலையா?" என்று மேனேஜர் நல்லபடியாகவே சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "கை சரியாகட்டும்பா. அடுத்த வருஷம் வாங்க."

முனிரத்தினம் சாக்கை எடுத்துக்கொள்ள வாசலுக்கு வந்தான். பியூன் அதற்குள் அதைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டிருந்தான். பெரிய மனிதர்கள் முன்னால் பேசி முடிக்காத வாய், அங்கே குப்பைமேட்டின் எதிரே நின்றுகொண்டு, "தண்ணிதான்யா, கையில்ல, தண்ணிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. அழுகையை அடக்க அவனால் முடியவில்லை.

பதினொரு பேருக்கும் கடன் வந்தது.

பங்குனியில் முனிரத்தினம் மறுபடி காசிநாதன் பட்டறைக்குப் போனான். வேறு போக்கிடம் ஏது? காசிநாதன் அவன் கையைப் பார்த்தார். பட்டு முக்க விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "காளான்காரனுங்க வெந்நீ கேட்டு வந்துக்கினு இருக்கானுங்க. டின்னுக்கு இவ்ளோன்னு வெச்சிருக்கேன். நீ கொப்பரைகிட்ட நின்னு நீட்டுப்பிடி மொந்தையால மொண்டு ஊத்து. கை நனையாது" என்றார். மனசாரத்தான் கொடுத்தார்.

அன்றைக்கு முதல் வண்டி ஐயம்பேட்டை வண்டி. மாட்டை அவிழ்க்காமலே பரசுராமன் குதித்து இறங்கினான். பின்னால் இரண்டு பெரிய பீப்பாய். கொட்டகை புதுக் கீற்று வேய்ந்து தயாராகிவிட்டதாம், நூறு பைக்கும் வித்து வந்துவிட்டதாம்.

"பரசுராமா, கையெடுத்துக் கும்புடறேன்டா. வெறகுல காச்சுடா. இந்தத் தண்ணி வாணாம்."

"வெறகுக்கு நான் எங்கண்ணா போவேன்? நாளைக்கு பாங்கி ஆளு வந்து பாக்கறான். ரிப்போட்ல இன்னா இருக்குதோ அப்டியே பண்றமான்னு பாக்கறான். நீ எழுதுனதுதானே?"

முனிரத்தினம் மொந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. உள்ளேயிருந்து காசிநாதன், "இன்னாய்யா, ஆறிடப் போவுது!" என்று சத்தம் போட்டார். அவன் குனிந்து மொண்டான். முதல் மொந்தையை ஊற்றியபோது ஆவி முகத்தில் அடித்தது. பரசுராமன் பீப்பாயின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அடியில இருந்து நல்லா சூடா மொண்டு ஊத்துண்ணா" என்றான்.